மூன்று விநாடி விட்ட கேபிள், முப்பது விநாடி போன நெட்வொர்க்

ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட்டில் இருக்கும்போது "நெட் போயிருச்சு" என்று போன் வந்தால், நான் முதலில் கேட்பது எது போச்சு என்றுதான். கூகுள் திறக்கவில்லையா, லேப் ரிப்போர்ட் திறக்கவில்லையா? கூகுள் மட்டும் திறக்கவில்லை என்றால் சிக்கல் வெளியே போகிற இணையத்தில் இருக்கும். லேப் ரிப்போர்ட் நம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிற சர்வரிலிருந்து வருகிறது. அது திறக்கவில்லை என்றால் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுப் பயனில்லை, தேட வேண்டியது நம் வீட்டுக்குள்தான். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் காரைக்குடியில் நான் வேலை பார்த்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் வீணாகியிருந்தன. நான் இரவுப் பணிக்கு மாற்றப்பட்டபோது அந்தக் கதை பாதியில் இருந்தது.

குறை இதுதான். இரண்டாவது மாடியில் ஐசியுவும் அதை ஒட்டிய வார்டும் இருக்கின்றன. அங்கே உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் ராத்திரியில் திடீரென்று அரை நிமிஷம் செத்துவிடும், பிறகு தானாக உயிர் வரும். பகலில் அநேகமாக நடக்காது. கீழ்த்தளத்திலும் முதல் மாடியிலும் யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. பகல் ஆட்கள் லேப் சாப்ட்வேரை மறுபடி போட்டுப் பார்த்திருந்தார்கள். மோடமும் ஒருமுறை மாற்றப்பட்டிருந்தது. குறை மட்டும் அப்படியே இருந்தது.

ஐசியு சிஸ்டரின் முதல் போன் எனக்கு இப்படித்தான் வந்தது.

"தம்பி, திரும்பப் போயிருச்சு. பொட்டாசியம் ரிசல்ட் பாத்துக்கிட்டே இருந்தேன், அப்படியே நின்னுருச்சு."

"இப்ப வந்துருச்சா சிஸ்டர்?"

"நீங்க போனை எடுக்கும்போதே வந்துருச்சு."

விட்டு விட்டு வருகிற குறையின் தொல்லையே இதுதான். ஆள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகிவிடும். அதனால் குறை வரும்போது போய்ப் பிடிக்கலாம் என்று ஓடுவதை விட்டுவிட்டு, அது வந்துபோன தடத்தைச் சேர்க்க வேண்டும். தடம் என்றால் நேரம். சிஸ்டரிடம், ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மணியை ஒரு தாளில் எழுதி வையுங்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் மொபைலைப் பார்த்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மொபைல் நேரம் தானாகச் சரியாகிக்கொள்ளும். என் லேப்டாப்பும் அப்படியே. சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிஷம் முன்னேயோ பின்னேயோ ஓடினால் எழுதியதெல்லாம் வீண்.

நேரத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், முக்கிய சாட்சியான கோர் ஸ்விட்ச்சின், அதாவது எல்லா மாடிக் கேபிளும் வந்து சேரும் நடு ஸ்விட்ச்சின், கடிகாரமே கெட்டிருந்ததுதான். நடந்ததையெல்லாம் நேரத்தோடு அது எழுதி வைக்கும் லாகைத் திறந்தால் 1993 மார்ச் என்று காட்டியது. இந்த வகைப் பழைய ஸ்விட்ச்சுகளுக்கு யாரும் நேரம் சொல்லிக்கொடுக்காவிட்டால், பவர் வந்த கணத்திலிருந்து 1993 மார்ச் 1 என்று எண்ணத் தொடங்கிவிடும். அப்படி இருந்தாலும் லாகைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. `show clock` அடித்து, அதே நொடியில் மொபைலில் மணி பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால் பழைய பதிவுகளையும் நம் நேரத்துக்கு மாற்றிவிடலாம். நான் அதைச் செய்துவிட்டு, அதே இரவில் ஸ்விட்ச்சுக்குச் சரியான நேரமும் கொடுத்தேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. ஆஸ்பத்திரியின் முன்பகுதி புதிய கான்கிரீட் கட்டடம். அதை ஒட்டிப் பின்னால் இருப்பது பழைய நகரத்தார் வீடு. வளவைச் சுற்றியிருக்கும் சிறு அறைகளில் ஒன்றுதான் சர்வர் ரூம். கனமான சுண்ணாம்புச் சுவர், தேக்குக் கதவு, ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. வெயில் ஏறாத அறை என்பதால் ஏசிக்கு வேலை குறைவு, அந்த விதத்தில் நல்ல தேர்வுதான். ஆனால் அந்தச் சுவரைத் தாண்டி வைஃபை போகாது, எல்லாம் கேபிள். அறை குறுகல் என்பதால் ரேக்கின் முன்கதவை முழுசாக விரிக்கவும் முடியாது. கோர் ஸ்விட்ச் இந்த ரேக்கில் இருக்கிறது. அதிலிருந்து பேட்ச் கார்டு என்ற ஒரு குட்டைக் கேபிள், பிறகு கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனல், அங்கிருந்து சுமார் அறுபது மீட்டர் கேபிள், மேலே இன்னொரு பேனல், இன்னொரு கார்டு, அதன் முடிவில் இரண்டாம் மாடி ஸ்விட்ச். அந்த மாடியின் எல்லாக் கம்ப்யூட்டரும் இந்த ஒரே வழியில்தான் கீழே வந்து போகின்றன.

முதல் வேலையாக லேப்டாப்பை நேரடியாகக் கோர் ஸ்விட்ச்சில் செருகி, நான்கு ஜன்னல்கள் திறந்து நான்கு இடத்துக்கு பிங் ஓட விட்டேன். பிங் என்பது இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. இரண்டாம் மாடி ஸ்விட்ச், முதல் மாடி ஸ்விட்ச், லேப் சர்வர், ஃபயர்வால். லினக்ஸில் இப்படி:

```
ping -D -O -i 0.5 10.20.2.2 | tee maadi2.txt
```

இதில் `-D` ஒவ்வொரு வரிக்கும் நேரத்தைப் போடும். `-O` போடாவிட்டால் லினக்ஸ் பிங் பதில் வராத நேரத்தில் பேசாமல் இருந்துவிடும், போட்டால் பதில் வரவில்லை என்று வரி வரியாகச் சொல்லும். `-i 0.5` என்பதால் அரை விநாடிக்கு ஒரு பிங் போகும். அரை விநாடிக்கு மேல் நீடிக்கிற கோளாறு எதுவும் தப்பாமல் பதிவாகும்.

இரவு 2.17க்கு வந்தது. இரண்டாம் மாடி ஜன்னல் மட்டும் நின்றது, மற்ற மூன்றும் சீராக ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஒரு காட்சியிலேயே சர்வர், சாப்ட்வேர், ஃபயர்வால், இன்டர்நெட் எல்லாம் குற்றப் பட்டியலிலிருந்து விடுபட்டன. கோருக்கும் இரண்டாம் மாடி ஸ்விட்ச்சுக்கும் நடுவில்தான் கோளாறு. மாடி ஸ்விட்ச்சே பவர் போய்த் திரும்ப எழுந்திருக்குமோ என்பதை `show version` சொல்லிவிடும். அது பல வாரங்களாக அணையாமல் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. ஆக மிச்சம் இருப்பது வழி மட்டும்.

கோர் ஸ்விட்ச்சின் லாகில் அதே நேரத்தில் இருந்தது இது:

```
02:17:41 %LINEPROTO-5-UPDOWN: Line protocol on Interface GigabitEthernet1/0/48, changed state to down
02:17:42 %LINK-3-UPDOWN: Interface GigabitEthernet1/0/48, changed state to down
02:17:45 %LINK-3-UPDOWN: Interface GigabitEthernet1/0/48, changed state to up
02:17:46 %LINEPROTO-5-UPDOWN: Line protocol on Interface GigabitEthernet1/0/48, changed state to up
```

48ஆம் போர்ட்தான் இரண்டாம் மாடிக்குப் போகும் போர்ட். இணைப்பு 2.17.42க்கு விழுந்து 2.17.45க்கு எழுந்துவிட்டது. மூன்று விநாடி. ஆனால் என் பிங் மறுபடி பேசத் தொடங்கியது 2.18.16க்கு. மிச்ச முப்பது விநாடி எங்கே போனது?

ஸ்பானிங் ட்ரீயில் போனது. ஸ்விட்ச்சுகளுக்கு நடுவே தெரியாமல் ஒரு வளையம் உண்டாகிவிட்டால் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றியே மொத்த நெட்வொர்க்கையும் முடக்கிவிடும். அதைத் தடுக்க, ஒரு போர்ட் புதிதாக உயிர் பெறும்போது ஸ்விட்ச் உடனே போக்குவரத்தைத் திறக்காது. பழைய முறையில் 15 விநாடி கேட்டுக்கொண்டிருக்கும், இன்னொரு 15 விநாடி யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ளும், அதன் பிறகுதான் வழிவிடும். ரயில் ஒரு நிமிஷத்தில் கடந்துபோனாலும் லெவல் கிராசிங் கேட் அதற்கு முன்னும் பின்னும் மூடியே இருப்பதைப் போல. எங்கள் ஸ்விட்ச்சுகள் இரண்டும் அந்தப் பழைய முறையில் ஓடிக்கொண்டிருந்தன.

ஆக, கேபிளில் தொடுகை விட்டது கண் சிமிட்டும் நேரமாகக்கூட இருக்கலாம். விட்டதும் இரு பக்கமும் வேகம் பேசி முடிக்க இரண்டு மூன்று விநாடி, அதற்கு மேல் ஸ்பானிங் ட்ரீயின் முப்பது விநாடி. சிஸ்டர் பார்த்த அரை நிமிஷம் இப்படிச் சேர்ந்ததுதான். இதைத் தெரிந்துகொள்வது ஏன் அவசியம் என்றால், பல பேர் லூஸ் கேபிள் என்ற சந்தேகத்தையே ஒதுக்கிவிடுகிறார்கள். "கேபிள் லூஸா இருந்தா ஒரேடியா போயிருக்கணும், இல்லன்னா டக்குனு வந்துரணும், கணக்கா அரை நிமிஷம் போறது சாப்ட்வேர் கோளாறுதான்" என்று பகலில் ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அரை நிமிஷம் என்ற அந்தக் கணக்குதான் கேபிளைக் காட்டிக்கொடுக்கிற அடையாளம். ஒவ்வொரு முறையும் முப்பது சொச்சம் விநாடி போனால் ஸ்பானிங் ட்ரீயை நினையுங்கள், அதை யார் எழுப்பிவிடுகிறார்கள் என்று தேடுங்கள்.

அந்த இரவே ஸ்விட்ச்சுகளைப் புதிய வேக முறைக்கு மாற்றியிருந்தால் தடங்கல் முப்பத்தைந்து விநாடியிலிருந்து ஐந்துக்குள் வந்திருக்கும், புகாரும் நின்றிருக்கும். நான் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். புகார் நிற்கும், கேபிள் அப்படியே இருக்கும். அதோடு மோடு மாற்றும் நேரத்தில் எல்லா மாடிக்கும் ஒரு தடங்கல் வரும், அதை ஐசியு ஓடிக்கொண்டிருக்கும் நடுராத்திரியில் செய்யக்கூடாது.

இரண்டாவது தடயம் அதைவிட அமைதியானது. ஒரு நாள் அதிகாலையில் டியூட்டி டாக்டர், "நெட் இருக்கு தம்பி, ஆனா எக்ஸ்ரே படம் ஏற ரொம்ப நேரம் எடுக்குது" என்றார். யாரும் இதைத் தடங்கலாகக் கணக்கில் சேர்க்கவில்லை. 48ஆம் போர்ட்டின் நிலையைப் பார்த்தேன்.

```
Port      Name   Status      Vlan   Duplex  Speed  Type
Gi1/0/48         connected   trunk  a-full  a-100  10/100/1000BaseTX
```

1000 இருக்க வேண்டிய இடத்தில் 100. இரு பக்கமும் ஜிகாபிட் போர்ட்கள், வேகத்தை யாரும் கையால் குறைக்கவில்லை. இங்கே ஆர்ஜே-45 பிளக்கின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அதில் எட்டுத் தொடுகைகள், நான்கு ஜோடிகள். 1000 ஓட நான்கு ஜோடியும் வேண்டும். 100 ஓட 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடி போதும். இணைப்பு எழும்போது வேகம் பேசிக்கொள்வதும் இதே இரண்டு ஜோடியில்தான். அதனால் ஓரத்தில் இருக்கும் 7-8 ஜோடி, அதாவது பழுப்பு நிற ஜோடி, சரியாகத் தொடாவிட்டால் ஒன்று, பேச்சு முடிந்த பிறகு 1000-இல் நிற்க முடியாமல் இணைப்பு விழுந்து எழுந்துகொண்டே இருக்கும். அல்லது, போர்ட்டின் சிப் கெட்டிக்காரத்தனமாக 100-க்கு இறங்கி வந்து நின்றுகொள்ளும். எங்கள் ஸ்விட்ச் இரண்டாவது வகை. பிளக் நேராகப் பின்னால் வந்தால் எட்டும் சேர்ந்து விடும். சாய்வாக இழுபட்டால் ஓரத்துத் தொடுகைதான் முதலில் போகும். 48ஆம் போர்ட்டில் ஏதோ ஒன்று பிளக்கைப் பக்கவாட்டில் இழுக்கிறது என்று அப்போதே தோன்றியது. ஆனால் அது கீழ் முனையா, மேல் முனையா?

மேல் மாடியின் சிறு பெட்டி ஒழுங்காகப் பூட்டியிருந்தது. உள்ளே ஒரே ஒரு கார்டு, க்ளிப் கெட்டியாகப் பிடித்திருந்தது. கீழே ஸ்விட்ச்சிலேயே கேபிள் சோதனை வசதி உண்டு. கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பி, அது எங்கே மோதித் திரும்புகிறது என்று பார்த்து, எத்தனை மீட்டரில் முறிவு என்று தோராயமாகச் சொல்லும்.

```
test cable-diagnostics tdr interface Gi1/0/48
show cable-diagnostics tdr interface Gi1/0/48
```

இதை அடித்தால் இணைப்பு ஒருமுறை விழும் என்பதால், சிஸ்டரிடம் கேட்டு, ரிப்போர்ட் எதையும் எதிர்பார்க்காத நேரம் பார்த்து ஓட்டினேன். நான்கு ஜோடியும் `Normal` என்று வந்தது. இந்தப் பதிலை வைத்துக் கேபிளுக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது. சோதனை நடந்த அந்தக் கணத்தில் தொடுகை நன்றாக இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. விட்டு விட்டு வரும் குறையில் `Open` என்று வந்தால் நம்பலாம், `Normal` என்று வந்தால் எதுவும் தெரியவில்லை என்றுதான் பொருள்.

மிச்சம் இருந்த கேள்வி, ஏன் ராத்திரியில் மட்டும் என்பது. சிஸ்டர் எழுதிய நேரங்களை வரிசையாக வைத்தபோது, பெரும்பாலானவை இரட்டைப்படை மணிக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் விழுந்திருந்தன. பன்னிரண்டு தாண்டி, இரண்டு தாண்டி, நான்கு தாண்டி. இயந்திரம் என்றால் நொடி பிசகாமல் வரும். பத்து இருபது நிமிஷம் முன்னே பின்னே ஆவது மனிதர்கள் நடக்கும் நேரம். செக்யூரிட்டி அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, ராத்திரி சர்வர் ரூமுக்கு எப்பெப்ப வருவீங்க?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ தம்பி. ஏசி ஓடுதா, தண்ணி சொட்டுதான்னு பாக்கச் சொல்லிருக்காக. நோட்டுல எழுதி வச்சுருவேன்."

"மெஷின் எதையும் தொடுவீங்களா?"

"அதெல்லாம் தொடமாட்டேன். பகல்ல இருக்கவுக அந்தக் கண்ணாடிக் கதவ மட்டும் தொறந்தே போட்டுட்டுப் போயிருவாக. நான் சாத்திட்டுப் போவேன். எலி உள்ள போயி வயரக் கடிச்சுரக் கூடாதுல்ல?"

"அப்ப முதல் ரவுண்டுல சாத்துனா போதுமே, அடுத்த ரவுண்டுலயும் சாத்துவீங்களா?"

"அது நிக்காது தம்பி. உள்ள வயரு முட்டிக்கிட்டு இருக்குல்ல, போயிட்டு வர்றதுக்குள்ள தானா வந்துருது. திரும்ப அமுக்கிச் சாத்துவேன்."

அவருடைய நோட்டை வாங்கி என் லாகுக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். 2.17 தடங்கலுக்கு அருகே அவர் கையெழுத்தில் 2.15 என்று இருந்தது. அவர் செய்தது அக்கறையான காரியம், பழைய வீடுகளில் எலி பெரிய தொல்லைதான். கதவைச் சாத்தினால் கெட்டுப்போகிற மாதிரி ரேக் இருந்ததுதான் குறை. பகலில் கதவு திறந்தே கிடந்ததால் குறையும் உறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ரேக்கின் முன்பக்கம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஒரு மீட்டர் கார்டு போதுமான இடத்தில் எல்லாம் மூன்று மீட்டர் கார்டுகள். மிச்சத்தைச் சுருட்டி முன்னாலேயே தொங்கவிட்டிருந்தார்கள். அநேகமாக எல்லாமே நீலம். லேபிள் இல்லை, இருந்த ஒன்றிரண்டிலும் மை அழிந்திருந்தது. சிசிடிவிக்காக வந்த கேபிள்கள், எப்போதோ எடுத்துவிட்ட டெலிபோன் பெட்டியின் கேபிள்கள், ஒரு முனை எங்கும் செருகாமல் தொங்கும் கேபிள்கள் எல்லாம் ஒரே கற்றையாகக் கோர் ஸ்விட்ச்சின் வலது கோடியில் இறங்கின. 48ஆம் போர்ட் இருப்பது அதே வலது கோடியில், கீழ் வரிசையில். கதவின் கீலும் அந்தப் பக்கம்தான். கதவைச் சாத்தினால் கண்ணாடி அந்தக் கற்றையை உள்நோக்கி அமுக்கும். கற்றை மெல்லத் திமிறி கதவைப் பின்னுக்குத் தள்ளும். அமுக்கும்போதும் திமிறும்போதும் அசைவது ஓரத்தில் இருப்பவன்தான். சில தடங்கல்கள் அண்ணன் போய்ப் பத்து நிமிஷம் கழித்து வந்ததற்கும் இதுதான் காரணம்.

கையை உள்ளே விடுவதற்கு முன்னால் ஐசியுவுக்குப் போன் செய்து, அடுத்த கால் மணி நேரத்தில் நெட் ஒன்றிரண்டு முறை போகலாம், அவசர ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். நோயாளிகளின் மானிட்டர்கள் இந்த ஸ்விட்ச் வழியாகப் போகவில்லை என்பதையும் ஏற்கெனவே பயோமெடிக்கல் ஆளிடம் உறுதி செய்திருந்தேன். "இப்ப ஒண்ணும் இல்ல, பண்ணுங்க. அவசரம்னா லேப்ல போன்ல வாங்கிக்கிறோம்" என்றார் சிஸ்டர். பிங்கை `-a` போட்டு ஓடவிட்டு லேப்டாப்பைத் தரையில் வைத்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பீப் சத்தம் வரும். கண் ரேக்கில் இருக்க, காது நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும். கதவைச் சாத்தினேன், சத்தம் தொடர்ந்தது. திறந்து மறுபடி அமுக்கிச் சாத்தினேன், பீப் நின்றது.

நெரிசலான ரேக்கில் சந்தேகக் கேபிளை இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க நினைப்பது ஆபத்து. ஒன்றை இழுத்தால் பக்கத்தில் நான்கு அசையும், நல்லவையும் கழன்றுவிடும். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டிலிருந்து, போர்ட் வரிசையின் முகத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி பிடித்தேன். 44, 46 ஆகிய போர்ட்களில் பிளக்குகள் ஒரே மட்டத்தில் இருந்தன. 48 மட்டும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே தள்ளி, வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. நேர் பார்வைக்கு எதுவும் தெரியாது. பிளக்கின் மேல் ரப்பர் உறை இருந்தது, அது க்ளிப்பையும் மூடியிருந்தது. விரல் நகத்தால் உறையை நீக்கிப் பார்த்தால், க்ளிப் அடியோடு முறிந்து வேர் மட்டும் நின்றது. உறை இருந்ததால் க்ளிப் இருப்பதாகவே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

க்ளிப் ஏன் உடைகிறது என்றால், கார்டை எடுக்கும்போது கற்றைக்குள்ளிருந்து பின்னோக்கி உருவுவார்கள். க்ளிப் மீன் முள் போலப் பின்பக்கம் விரிந்திருப்பதால் வேறு வயரில் மாட்டிக்கொண்டு முறியும். உடைந்த கார்டும் செருகினால் வேலை செய்யும், அதனால் யாரும் வீசுவதில்லை. தொங்கும் மூன்று மீட்டரின் கனமும் மேலே விழுந்த கற்றையின் கனமும் சேர்ந்து அதை நாளாக நாளாக வெளியே இழுக்கும்.

அந்த நேரத்தில் விரலால் உள்ளே அமுக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், சில நாட்கள் ஓடவும் செய்யும். அமுக்கவில்லை. முதலில் போட்டோ எடுத்தேன். பிறகு கம்பெனியில் செய்து வந்த ஒரு மீட்டர் கேட்6 கார்டை எடுத்து, டெஸ்டரில் எட்டுக் கம்பியும் வரிசையாக இருக்கிறதா என்று பார்த்து, ரேக்கின் ஓரமாக அது போக வேண்டிய வழியில் முன்கூட்டியே படுக்க வைத்தேன். பழைய கார்டின் மறுமுனை பேனலில் எது என்பதை இரண்டு விரலுக்கு நடுவே கார்டைப் பிடித்து நகர்த்திக்கொண்டே போய்க் கண்டுபிடித்தேன். இரு முனையும் கையில் தெரிந்த பிறகுதான் கழற்றினேன். புதியதைச் செருகியபோது க்ளிப் டக்கென்று விழும் சத்தம் இரண்டு முனையிலும் கேட்டது. ஸ்பானிங் ட்ரீ தன் முப்பது விநாடியை எடுத்துக்கொண்டு, பீப் திரும்ப வந்தது.

இதோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளவில்லை. கார்டு நல்லதாக இருந்தாலும், ஸ்விட்ச் போர்ட்டுக்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங் கம்பிகள் பல வருஷ இழுப்பில் தளர்ந்திருக்கலாம். புதிய பிளக்கை நான்கு பக்கமும் மெல்ல அசைத்தேன், பீப் நிற்கவில்லை. நின்றிருந்தால் 48-ஐ விட்டுவிட்டு வேறு போர்ட்டுக்கு மாற்றியிருப்பேன். கற்றையைக் கதவுக்கு எதிரே இல்லாதபடி வெல்க்ரோ பட்டையால் ஓரமாகக் கட்டிவிட்டுக் கதவைப் பலமுறை அமுக்கிச் சாத்திப் பார்த்தேன். `clear counters Gi1/0/48` அடித்து எண்ணிக்கைகளைச் சைபராக்கினேன். விடிந்தபோது, பாக்கெட்டுகள் வழியில் சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழை சைபர், வேகம் `a-1000`, லாகில் புதிய வரி இல்லை. அடுத்தடுத்த இரவுகளில் சிஸ்டரின் தாளும் காலியாகவே இருந்தது.

பழைய கார்டின் இரண்டு பிளக்குகளையும் கட்டரால் வெட்டிய பிறகுதான் குப்பையில் போட்டேன். வெட்டாமல் மேஜை டிராயரில் போட்டால், அவசரத்துக்கு யாராவது எடுத்து இன்னொரு இடத்தில் செருகிவிடுவார்கள். விட்டு விட்டு வரும் குறை ஒரு கட்டடத்துக்குள் ஊர்வலம் போவது இப்படித்தான்.

மற்ற வேலைகளைப் பகல் ஆட்களோடு சேர்ந்து, ஓபி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அனுமதி வாங்கிச் செய்தோம். எங்கும் போகாத கேபிள்களை இரு முனையும் உறுதி செய்த பிறகு உருவி எடுத்தோம், உருவியது ஒரு சாக்கு நிறைய வந்தது. மிச்சமிருந்த ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண் ஒட்டினோம். ஸ்விட்ச்சுகளில் செய்த மாற்றம் இவ்வளவுதான்:

```
clock timezone IST 5 30
ntp server 10.20.0.5
service timestamps log datetime msec localtime
spanning-tree mode rapid-pvst
interface Gi1/0/48
 description MAADI-2 UPLINK
```

அதன் பிறகு இரண்டாம் மாடிக்கு ஒரு ஃபைபர் வழியும் போட்டோம். இப்போது போக்குவரத்து ஃபைபரில் போகிறது, பழைய செம்புக் கேபிளை ஸ்பானிங் ட்ரீ காத்திருப்பில் வைத்திருக்கிறது. ஃபைபர் விழுந்தால் புதிய முறையில் ஓரிரு விநாடிக்குள் செம்பு எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. இரண்டில் ஒன்று செத்தாலும் யாருக்கும் தெரியாது, சிஸ்டரிடமிருந்து போனும் வராது, இரண்டாவது போகும் நாளில்தான் முதலாவது எப்போதோ போனது தெரியவரும். அதனால் லாகுகளை ஒரு சர்வரில் சேர்த்து, அந்த இரண்டு போர்ட்களில் `UPDOWN` என்று ஒரு வரி வந்தாலும் டியூட்டி மொபைலுக்கு மெசேஜ் வரும்படி வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை ராத்திரியில், ஐசியுவுக்குச் சொல்லிவிட்டு, ஃபைபரை நாங்களே கழற்றி, செம்பு எடுத்துக்கொள்கிறதா, 1000-இல் எடுத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுகிறோம்.